சப்ஜெக்ட் வரியில் ஒரு தேதி

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் மேசையில் நாள் முழுக்க நடப்பது ஒரே வேலைதான்: கேட்பது. நிறத்துக்கு ஒப்புதல் கேட்க வேண்டும். அளவு சாம்பிளுக்கு, லேபிளில் அச்சாகும் வாசகத்துக்கு, அட்டைப்பெட்டியின் நீள அகலத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் ஜெர்மனியிலோ ஹாலந்திலோ அமெரிக்காவிலோ ஒரு மேசையில் இருக்கிறார். அவருக்கு எங்களைப் போல இருபது, முப்பது சப்ளையர்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லும்வரை இங்கே நூல் நூலாகவும் கிரே துணி கிரே துணியாகவும் கிடக்கும். 1980களின் கடைசியில் இந்த வேலைக்கு வந்தேன். பிறகு பல ஆண்டுகள் மெர்ச்சண்டைசிங் மேனேஜராக அதே மாதிரி மெயில்களை வாங்கும் பக்கத்திலும் இருந்துவிட்டேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில், எவ்வளவு அருமையாக எழுதிய மெயிலாக இருந்தாலும் அது திறக்கப்படுமா, திறந்தால் வேலை நடக்குமா என்பது சப்ஜெக்ட் வரியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்று கண்டிருக்கிறேன்.

டெலெக்ஸ் காலத்தில் இந்தச் சிக்கல் வரவில்லை. லைன் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு காசு. அதனால் முதலில் ஆர்டர் நம்பர், அடுத்து என்ன வேண்டும், அடுத்து எப்போது வேண்டும், அவ்வளவுதான் அடிப்போம். வணக்கம்கூட இருக்காது. மொத்தச் செய்தியுமே இன்றைய சப்ஜெக்ட் வரியின் அளவில் முடிந்துவிடும். ஃபேக்ஸ் வந்ததும் ஒரு முழுப் பக்கம் கிடைத்தது, எழுத்தும் நீண்டது. அப்போது டைப்பிஸ்ட்டுகள் பலர் அரசு அலுவலகக் கடித முறையில் பழகி வந்தவர்கள். மேலே ‘பொருள்’, அதன் கீழே ‘பார்வை’ என்று போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். அரசுக் கடிதத்தில் பொருள் வரி பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும்: துறை, பிறகு பிரிவு, பிறகு உட்பிரிவு, பிறகுதான் விஷயம், கடைசியில் ‘தொடர்பாக’. கடிதம் எந்தக் கோப்பில் சேர வேண்டும் என்பதை எழுத்தர் கண்டுபிடிக்க அது நல்ல முறை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் அந்த வரியைப் படித்துவிட்டுத் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள முடியாது. அந்தப் பழக்கம் ஃபேக்ஸுக்கு வந்தது; அங்கிருந்து மெயிலுக்கும் அப்படியே வந்துவிட்டது. இன்றும் எங்கள் ஊரிலிருந்து போகும் மெயில்களில் பாதிக்கு மேல் ‘லேப் டிப் தொடர்பாக’, ‘ஷிப்மென்ட் தொடர்பாக’ என்ற வகைதான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-இல் திறந்துவிட்டது. எங்கள் கம்பெனிக்கு மெயில் வரச் சில ஆண்டுகள் ஆயின. ஒரே கம்ப்யூட்டர், கம்பெனி முழுவதற்கும் ஒரே முகவரி. ஆபரேட்டர் காலையில் போன் லைன் வழியாக மெயில்களை இறக்கி, அச்சடித்து மேசை மேசையாக வைப்பார். அந்த நாட்களில் சப்ஜெக்ட் வரியில் எது இருந்தாலும் தாள் கைக்கு வந்துவிடும். அதனால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மேனேஜர் தானே திரையில் தன் மெயிலைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த வரிக்குப் போயிற்று.

இது எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒரு பையர் அலுவலகத்தின் சோர்சிங் மேனேஜர் திருப்பூருக்கு வந்திருந்தபோது. ஜெர்மன்காரர், வேலையில் கறாரானவர், பேச்சில் கனிவானவர். எங்கள் கூட்ட அறையில் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மெயில்களுக்குப் பதில் ஏன் தாமதமாகிறது என்று மரியாதையாகக் கேட்டேன். பதில் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பினார்.

இடது பக்கம் வரிசையாக ஃபோல்டர்கள். ஒவ்வொரு பர்ச்சேஸ் ஆர்டருக்கும் ஒன்று. உள்ளே வரும் மெயிலின் சப்ஜெக்ட் வரியில் ஆர்டர் நம்பர் இருந்தால், அது தானாக அந்த ஃபோல்டருக்குப் போகும்படி விதி போட்டு வைத்திருந்தார். நம்பர் இல்லாத மெயில் பொதுக் குவியலில் தங்கும். அந்தக் குவியலை வாரக் கடைசியில் நேரம் இருந்தால்தான் பார்ப்பதாகச் சொன்னார். அதில் எங்கள் கம்பெனியின் பெயரே அடுக்காக இருந்தது. எங்கள் ஆட்கள் எங்கள் ஸ்டைல் நம்பரைப் போட்டிருந்தார்கள். அது எங்கள் பதிவேட்டில் இருக்கும் எண். அவருக்குத் தெரிந்தது அவருடைய பி.ஓ. நம்பர் மட்டும்.

இன்னொன்றும் சொன்னார். காலையில் ரயிலில் அலுவலகம் போகும்போது கைபேசியில் மெயில் பட்டியலைப் பார்ப்பாராம். ஒரு வார்த்தையில் முடிக்கக்கூடியவற்றை அங்கேயே முடித்துவிடுவார். யோசிக்க வேண்டியவை, இணைப்பைத் திறக்க வேண்டியவை, என்ன கேட்கிறார்கள் என்றே புரியாதவை எல்லாம் மேசைக்குத் தள்ளிப்போகும். மேசையில் உட்கார்ந்த பிறகு கூட்டங்கள் தொடங்கிவிடும். ‘ரயிலில் முடிந்தால் முடிந்தது’ என்றார். அன்றிலிருந்து அந்தப் பையருக்குப் போகும் எந்த மெயிலையும் அந்த ரயில் பயணத்தை மனதில் வைத்துத்தான் எழுத வைத்தேன்.

கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் சப்ஜெக்ட் வரியில் ஏறத்தாழ முப்பது, நாற்பது எழுத்துகள்தான் தெரியும், மீதி வெட்டுப்படும். எங்கள் பக்கமிருந்து போனவற்றில் அந்த முப்பது எழுத்தை எது தின்றது தெரியுமா? `RE: RE: FW: RE:` என்ற சங்கிலி, அதற்குப் பின் கம்பெனி பெயர், அதற்குப் பின் ‘வசந்தகால ஆர்டர்’ என்ற சொல். விஷயம் தொடங்கும் இடத்தில் திரை முடிந்துவிடும்.

அதே பையரின் ஒரு லேப் டிப் விவகாரத்தை முழுதாகச் சொல்கிறேன். 18,000 டி-ஷர்ட், மூன்று நிறம், நிறத்துக்கு 6,000. வெள்ளையிலும் சாம்பல் மெலாஞ்சிலும் பிரச்சினை இல்லை. நேவி நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று சாயத் துண்டுகள் செய்து கூரியரில் அனுப்பியிருந்தோம். பையர் அவற்றை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் மொத்தத் துணியைச் சாயத்துக்குப் போட முடியும். அந்த ஸ்டைலைப் பார்த்த பையன் கெட்டிக்காரன், வேலைக்கு வந்து ஓராண்டு ஆகியிருக்கும். அவன் அனுப்பிய மெயிலின் சப்ஜெக்ட், நம் மொழியில் சொன்னால், ‘RE: RE: FW: லேப் டிப்ஸ் – அர்ஜென்ட்’. உள்ளே நான்கு பத்தி. மூன்றாவது பத்தியில் தயவுசெய்து விரைவில் ஒப்புதல் தரவும் என்று இருந்தது. பதில் வரவில்லை. மறுநாள் அதே மெயிலின் மேல் ‘நினைவூட்டல்’ என்று சேர்த்து மறுபடி அனுப்பினான். அதற்கும் இல்லை.

அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். “என்னிக்குள்ள வேணும் தம்பி?”

“சீக்கிரமா வேணுங்க சார்.”

“அதைக் கேக்கல. எந்த நாளுக்கு மேல போனா நமக்குக் கெட்டுப்போகும்?”

அவனிடம் பதில் இல்லை. சாயப்பட்டறையை யாரும் கேட்டிருக்கவில்லை. போனைப் போட்டோம். 6,000 பீஸுக்குப் பீஸ் ஒன்றுக்குச் சுமார் 200 கிராம் வைத்தால் 1,200 கிலோ துணி. அந்த அளவுக்கான மெஷின் பிப்ரவரி 19, வியாழக்கிழமை காலியாகிறது, அதை விட்டால் 24-ஆம் தேதிதான் என்றார் பட்டறைக்காரர். சாயம், உலர்த்தல், காம்பேக்டிங் எல்லாம் முடிந்து துணி 27-ஆம் தேதி கைக்கு வரும். 28-இல் கட்டிங் தொடங்கினால் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து பையரின் இன்ஸ்பெக்ஷன் மார்ச் 18-இல் வைக்கலாம். சரக்கு கிளம்ப வேண்டிய நாள் மார்ச் 20. இடையில் உபரியாக ஒரு நாள்கூட இல்லை. ஆக, ஒப்புதல் புதன்கிழமை 18-க்குள் வர வேண்டும். வராவிட்டால் ஐந்து நாள் தள்ளும். அவர்களுக்கான கப்பல் வாரம் ஒன்று என்பதால் அந்த ஐந்து நாள் ஒரு வாரமாகிவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு சப்ஜெக்ட் வரி எழுதுவது கஷ்டமில்லை. தெரியாமல் எழுத உட்கார்ந்தால் ‘அர்ஜென்ட்’ என்பதைத் தவிர வேறு சொல் வராது. முதலில் அவன் எழுதியது இது:

‘பி.ஓ. 7315 நேவி லேப் டிப்: ஏ, பி, சி-யில் ஒன்றைத் தேர்வு செய்ய, புதன் பிப். 18-க்குள்’

நல்ல வரிதான். ஆனால் கைபேசியில் வெட்டுப்பட்டால் தேதி போய்விடும். அந்த மேனேஜரின் ஃபோல்டர் விதிக்கு நம்பர் வரியில் எங்கே இருந்தாலும் சரி. முன்னால் இருக்க வேண்டியதில்லை. அதனால் நம்பரைக் கடைசிக்குத் தள்ளினோம்:

‘நேவி ஏ/பி/சி தேர்வு – புதன் பிப். 18-க்குள் – லேப் டிப், பி.ஓ. 7315’

எல்லாப் பையருக்கும் இந்த வரிசை பொருந்தாது. சப்ஜெக்டை அகரவரிசையில் அடுக்கிப் பார்க்கும் ஒரு பையருக்கு நாங்கள் எப்போதும் நம்பரைத்தான் முன்னால் வைத்தோம். எதிரில் இருப்பவர் மெயிலை எப்படிப் பார்க்கிறார் என்பதை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் பயன்படும்; கேட்டால் யாரும் சொல்ல மறுத்ததில்லை.

மெயிலின் முதல் வரியும் முக்கியம். பட்டியலில் சப்ஜெக்டுக்குக் கீழே அதுதான் மங்கலாகத் தெரியும். ‘அன்புடையீர், தாங்கள் நலமென நம்புகிறோம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘எங்கள் பரிந்துரை பி. ஓர் எழுத்தைப் பதிலாக அனுப்பினால் போதும்’ என்று வைத்தோம். அடுத்த வரியில் விளைவு: புதனைத் தாண்டினால் சாயத்துக்கு அடுத்த இடம் 24-ஆம் தேதி, ஷிப்மென்ட் மார்ச் 27. அதற்கு மேல் எதுவும் இல்லை. ரெசிப்பி விவரம், முந்தைய மெயில்கள் எல்லாம் கீழே.

மெயிலை உடனே அனுப்ப விடவில்லை. கூரியர் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். பொதி திங்கள்கிழமை காலைதான் அவர்கள் வரவேற்பறையில் இறங்கியது. பையன் முன்பு அனுப்பிய இரண்டு மெயிலும் போனபோது துணித் துண்டுகள் விமானத்தில் இருந்தன. மேனேஜர் மெயிலைத் திறந்திருந்தாலும் எதையும் செய்திருக்க முடியாது. செய்ய முடியாத நேரத்தில் கேட்டால் அவர் மெயிலை மூடி வைத்துவிடுவார். மூடி வைத்ததற்குத் திரும்பி வரமாட்டார். பொதி கைக்குப் போன அன்றே, ‘துண்டுகள் இன்று காலை உங்கள் வரவேற்பறையில்’ என்ற வாசகத்தையும் சேர்த்து அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: ‘பி. மொத்தச் சாயத்தில் செம்மை ஒரு துளி குறையட்டும்.’ அவர் சேர்த்துச் சொன்ன அந்தத் திருத்தம் நல்ல அறிகுறி. துண்டை உண்மையிலேயே விளக்கடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. இங்கே எல்லோரும் ஃப்ளோர் வேலை முடித்து இரவு எட்டு, ஒன்பது மணிக்குத்தான் மெயில் அடிக்க உட்காருவார்கள். குளிர்காலத்தில் அங்கே அது மாலை மூன்றரை, நான்கரை. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வந்த மெயிலின் மேல், இரவு முழுக்கச் சீனாவிலிருந்து வரும் மெயில்கள் படியும். பகல் பன்னிரண்டரைக்கு அனுப்பினால் குளிர்காலத்தில் அவர்களுக்குக் காலை எட்டு மணிக்குப் பட்டியலின் உச்சியில் நிற்கும். ஒப்புதல் கேட்கும் மெயில்களை இரவிலேயே எழுதிவைத்து மறுநாள் பகலில் அனுப்புவது எங்கள் பிரிவில் வழக்கமாயிற்று.

தேதி எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். 05/06 என்று போட்டால் ஐரோப்பியருக்கு அது ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில்தான் எழுத வேண்டும், கூடவே கிழமையும். கிழமை இருந்தால் எண் தவறாக அடித்திருந்தாலும் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். ‘இன்றைக்குள்’, ‘இரண்டு நாளில்’ என்பவையும் ஆகாது. மெயில் இரண்டு நாள் கழித்துத் திறக்கப்பட்டால் அந்த இரண்டு நாள் எங்கிருந்து எண்ணுவது?

அர்ஜென்ட் என்ற சொல்லை நான் கிட்டத்தட்டத் தடை செய்துவிட்டேன் என்றே சொல்லலாம். சிவப்பு ஆச்சரியக்குறி போட்டு அனுப்பும் பொத்தானும் அப்படித்தான். மேனேஜராக இருந்தபோது எனக்கு வரும் உள் மெயில்களில் ஸ்டோர்ஸ், பிரிண்டிங், எம்பிராய்டரி என எல்லாப் பிரிவிலிருந்தும் வருவது அர்ஜென்ட்தான். கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். தேதி மட்டும் தாண்டவிடாது. புதன்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போடும். ஆனால் தேதி பொய்யாக இருக்கக் கூடாது. 18-ஆம் தேதி போதும் என்னும்போது 13 என்று போட்டு ஐந்து நாள் பதுக்கி வைக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. 13-ஐத் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்று பையர் ஒருமுறை பார்த்துவிட்டால், அந்தக் கம்பெனியின் எந்தத் தேதியையும் பிறகு நம்பமாட்டார். பட்டறைக்காரர் சொன்ன தேதியைத்தான் நாங்கள் அப்படியே எழுதினோம். கேட்பவர் ஏன் அந்த நாள் என்று திருப்பிக் கேட்டால் மெஷின் நம்பரோடு சொல்ல முடிய வேண்டும்.

சப்ஜெக்ட் வரியில் எழுதவே கூடாதவையும் உண்டு. விலை, டிஸ்கவுண்ட், யார் தவறு என்ற பேச்சு, துணியில் கண்ட குறை. மேனேஜரின் கைபேசி கூட்டத்தில் மேசைமேல் கிடக்கும். அந்த வரி பூட்டிய திரையிலும் மின்னும். ஒரு சப்ளையரின் விலையை இன்னொருவர் பார்க்க நேர்ந்தால் நமக்கும் சங்கடம், அந்த மேனேஜருக்கும் சங்கடம். ‘விலை பற்றி முடிவு’ என்பது வரை வெளியே, எண் உள்ளே.

2011 ஜனவரி இறுதியில் நொய்யல் மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. பையர்களுக்குச் செய்தி போய்விட்டது; ஒவ்வொருவரும் தன் சரக்கு என்னாகும் என்ற பதற்றத்தில் இருந்தார்கள். ஊரில் பல கம்பெனிகள் ‘திருப்பூர் நிலவரம்’ என்ற சப்ஜெக்டில் எல்லாப் பையருக்கும் ஒரே நீண்ட மெயில் அனுப்பின. உத்தரவின் வரலாறு, கழிவுநீர்ப் பிரச்சினை, சங்கங்களின் முயற்சி எல்லாம் அதில் இருந்தது. படித்த மேனேஜருக்குத் தன்னுடைய ஆர்டர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

நாங்கள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கையில் இருந்த ஆர்டர்களை மூன்றாகப் பிரித்தோம். சாயம் முடிந்து துணி கைக்கு வந்துவிட்டவை ஒரு பக்கம். அவற்றுக்குத் தனித்தனியே மெயில்: ‘பி.ஓ. இன்னது – பாதிப்பு இல்லை, தேதி மாற்றமில்லை – தகவலுக்கு மட்டும்’. வெளியூர்ப் பட்டறைக்கு மாற்றினால் தப்பிக்கக்கூடியவை இன்னொரு பக்கம். அவற்றுக்கு நிறத்தை மறுபடி ஒப்புக்கொள்ள வேண்டும், செலவும் கூடும். அதனால் ‘வெளியூர்ச் சாயம் ஆம்/இல்லை – வெள்ளிக்கிழமைக்குள்’ என்று கேட்டோம். நூல் கட்டத்திலேயே நின்றவை மூன்றாவது. அவற்றுக்கு மெயில் எழுதவில்லை. போனில் பேசிவிட்டு, பேசியதை உறுதிப்படுத்த மட்டும் பிறகு மெயில் அனுப்பினோம். பெரிய கெட்ட செய்திக்கு எவ்வளவு நல்ல சப்ஜெக்ட் வரியும் குரலுக்கு ஈடாகாது.

அந்த வாரத்தில் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது ‘தகவலுக்கு மட்டும்’ என்ற முத்திரைதான். நம்பிக்கையோடு பார்க்காமல் விடக்கூடிய மெயில் எது என்று மேனேஜருக்குத் தெரிந்தால், மீதி மெயில்களுக்கு அவர் கவனம் முழுதாகக் கிடைக்கிறது. அந்த முத்திரையை எங்கள் ஆட்கள் எவரும் மீறக் கூடாது என்று கண்டிப்பாக வைத்திருந்தேன். ‘தகவலுக்கு மட்டும்’ என்று போட்டுவிட்டு ஏழாவது வரியில் ‘லேபிள் வாசகத்தை மட்டும் உறுதி செய்யவும்’ என்று நுழைத்தால், அந்த லேபிளும் உறுதியாகாது, அடுத்த முறை முத்திரையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வெளிநாட்டுப் பையர் ஒரு மாதிரி என்றால் நம் மொதலாளி வேறு மாதிரி. எங்கள் மொதலாளி பவர் டேபிளில் டெய்லராகத் தொடங்கி மேலே வந்தவர். பகலில் பாதி நேரம் ஃப்ளோரில் நிற்பார், மெயிலைக் கைபேசியில்தான் பார்ப்பார். ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, “எனக்கு அனுப்பற மெயில்ல, நா என்ன பண்ணோணும்னு மொத வரியிலயே சொல்லீருங்க. மீதியெ நா கேட்டுக்கறேன்” என்றார். அவருக்கு விஷயம் எல்லாம் தெரியும். தன் கை தேவைப்படும் இடம் எது என்பது மட்டும் வேண்டும்.

நூல் வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்பாலைகள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் புது விலை அறிவிக்கும். மாதக் கடைசியில் ஏறும் என்ற பேச்சு கிளம்பினால், இன்றைய விலையில் எவ்வளவு பிடித்து வைப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். 2021, 2022-இல் நூல் விலை எகிறிய மாதங்களில் இந்த முடிவு சில மணி நேரத்தில் எடுக்க வேண்டியதாக இருந்தது. கொள்முதல் பிரிவு முன்பு ‘நூல் மார்க்கெட் நிலவரம்’ என்று அனுப்பிக்கொண்டிருந்தது. அதை ‘30-ஆம் நம்பர் கோம்ப்டு 10 டன் பிடிக்கலாமா – இன்று 4 மணிக்குள்’ என்று மாற்றினோம். 10 டன் எந்தெந்த ஆர்டருக்கு, பணம் எந்தத் தேதியில் போகும் என்ற இரண்டு வரி உள்ளே. “5 டன் போதும்” என்று ஃப்ளோரில் நின்றபடியே பதில் அடிப்பார். அளவைச் சப்ஜெக்டிலேயே போட்டதால்தான் அவரால் அதைப் பாதியாக்க முடிந்தது. நிலவரம் என்று போயிருந்தால் இரவு வீட்டுக்குப் போய்த்தான் திறந்திருப்பார். ஆலையில் நாலு மணிக்கே கணக்கை மூடியிருப்பார்கள்.

பழைய மெயிலுக்குப் பதிலாகவே புது விஷயத்தை எழுதுவது இன்னொரு நோய். முகவரி தேட வேண்டாம், எல்லார் பெயரும் ஏற்கனவே இருக்கிறது என்பதால் அப்படிச் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி அளவைப் பற்றிய கேள்வி, முடிந்துபோன லேப் டிப் மெயிலின் பதிலாகப் போனது. பையர் பக்கத்தில் நிறம் பார்ப்பவர் வேறு, பேக்கிங் பார்ப்பவர் வேறு. நிறம் பார்ப்பவர் தன் வேலை முடிந்த மெயில் என்று திறக்கவே இல்லை. இங்கே பெட்டி அச்சாகி வந்த பிறகுதான் கிடங்கின் அலமாரிக்கு அந்த நீளம் பொருந்தாது என்று தெரிந்தது. விஷயம் மாறினால் புது மெயில், புது சப்ஜெக்ட். ஒரே மெயிலில் இரண்டு கேள்வி இருந்தால் எளிதானதற்குப் பதில் வரும், கடினமானது மறைந்துவிடும். ஆகவே இரண்டு மெயில். சப்ஜெக்ட் வரியில் ‘மற்றும்’ என்ற சொல் வந்தாலே பிரிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது பாதிப் பேச்சு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. அங்கே சப்ஜெக்ட் வரியே கிடையாது. ஒப்புதல் படம் ஒன்று, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே போய், யார் எதற்குச் சரி என்றார் என்று தெரியாமல் போகிறது. கட்டைவிரல் குறி ஏ-க்கா, பி-க்கா? சாயம் போட்ட பிறகு தகராறு வந்தால் எதைக் காட்டுவது? அதனால் பேசுவது வாட்ஸ்அப்பில் நடந்தாலும் ஒப்புதலை மெயிலில்தான் வாங்க வேண்டும் என்ற ஒழுங்கை நாங்கள் விடவில்லை. குழுவில் கேட்டே ஆக வேண்டுமென்றால் முதல் வரியைச் சப்ஜெக்ட் போலவே எழுதச் சொல்வேன்: பி.ஓ. நம்பர், என்ன முடிவு, எந்த நாள்.

காலைக் கூட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். முந்தைய நாள் போன, பதில் வராத மெயில்களின் சப்ஜெக்ட் வரிகளை மட்டும் ஒருவர் உரக்கப் படிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் விளக்கக் கூடாது. கட்டிங் மாஸ்டர், பிளானிங் ஆள், ஸ்டோர்ஸ் ஆள் எல்லாரும் இருப்பார்கள். வரியைக் கேட்டதும் யாரிடம் என்ன நிற்கிறது, எந்த நாள் கெடு என்று அவர்களுக்குப் புரிந்தால் அடுத்ததற்குப் போவோம். புரியாமல் யாராவது “அதென்னங்க?” என்று கேட்டால், அந்த மெயில் அன்று பகல் பன்னிரண்டரைக்குப் புது சப்ஜெக்டோடு மறுபடி போகும்.